மூலப்படத்தைக் கேள், தங்கச்சி

சனசமூக நிலையத்தின்ர பொங்கல் படப்போட்டிக்கு உன்னை நடுவராப் போட்டிருக்கினம் எண்டு அம்மா சொன்னா. ‘அரியாலைக் கரை’ எண்ட தலைப்புக்கு நாற்பது படம் வந்து கிடக்குதாம். எது கொஞ்சம் திருத்தின படம், எது பொய்ப்படம் எண்டு பிரிக்கத் தெரியேல்லை எண்டு நீயும் கேட்டனி. ஸ்ருடியோவில கலியாணப் படங்களுக்கு றீரச் செய்தே என்ர அரைவாசி வயசு போட்டுது. அந்தப் பழக்கத்தில சொல்லுறன், கேள்.

வெளிச்சத்தைத் தொடலாம், பொருளைத் தொடக்கூடாது

2010இல வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில உக்ரேன்காரர் ஸ்டெபான் ரூடிக்குக்கு விளையாட்டுப் பிரிவில மூன்றாம் பரிசு கிடைச்சது. கீவ் நகரத்துத் தெருச் சண்டைக்காரரைப் பற்றின படத்தொடர் அது. அதில ஒரு படம், கைக்குத் துணி சுத்திற காட்சி. எடுத்த படம் நிறத்தில, அகலமா, ஆக்கள் நிறைஞ்சு இருந்தது. ரூடிக் கையை மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருட்டாக்கி, மணல் மாதிரிப் புள்ளியும் ஏத்தினார். படம் ஆளே மாறிப்போச்சு. ஆனால் பரிசு பறிபோனது அதுக்காக இல்லை. கைக்குப் பக்கத்தில, பின்னால நிண்ட ஒராளின்ர கால் நுனி கொஞ்சம் தெரிஞ்சது. அதை அழிச்சிட்டார். நடுவர்மார் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாத்தவுடனை படம் போட்டியால வெளியில போட்டுது.

உன்ர கோடும் இதுதான். வெளிச்சம், நிறம், வெட்டுறது, கமராவின்ர கண்ணாடியில இருந்த தூசி விழுந்த புள்ளியை எடுக்கிறது எல்லாம் சரி. கமராவுக்கு முன்னால நிண்ட எதையும் அழிக்கிறதோ, இல்லாததைச் சேர்க்கிறதோ சரியில்லை. மின்சாரக் கம்பி வடிவைக் கெடுக்குது எண்டு அழிச்சாலும் அது அழிச்சதுதான். போன் படம் எடுக்கேக்கை தானாச் சேர்க்கிற வெளிச்சச் சமப்படுத்தலை விட்டுவிடு. பேந்து விரலால தேய்ச்சு ஆளை அழிச்சதைத்தான் விடக்கூடாது.

கலியாண அல்பத்தில நான் எத்தனை மாப்பிள்ளைமாரின்ர பருவை அழிச்சனான். கேட்டு அழிச்சனான், அவையளுக்குத் தெரியும். நடுவருக்குத் தெரியாமல் அழிச்சால் அதுக்குப் பேர் வேறை.

படத்தை வாங்கிற விதம்

வட்ஸ்அப்பில சும்மா அனுப்பின படத்தை வைச்சு முடிவெடுக்காதை. அது படத்தைச் சுருக்கிப்போடும். எடுத்த நேரம், கமரா விபரம் எல்லாம் கழண்டு போயிரும். ‘டொக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லு, இல்லாட்டி பென் டிரைவில கொண்டுவரச் சொல்லு. பரிசுக்கு நிக்கிற ஐஞ்சாறு பேரிட்டை மட்டும் இன்னும் ரெண்டு சாமான் கேள்: கைபடாத மூலப்படம், அதுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்.

கரையில வள்ளத்தைப் படம் எடுக்கிற ஆரும் ஒரு தரம் மட்டும் அழுத்திப்போட்டு வீட்டை போகமாட்டினம். முன்படத்தில வள்ளம் கொஞ்சம் இடப்பக்கம் நிக்கும், பின்படத்தில ஆள் திரும்பியிருப்பார். சட்டை, கயிறு, பலகையில இருக்கிற வெடிப்பு மட்டும் மாறாது. கோப்பு இலக்கங்களும் அடுத்தடுத்து வரும்.

மூலப்படம் வந்தவுடனை, கொம்பியூட்டரில அதுக்கு மேல போட்டிப்படத்தை அளவு பொருத்தி வை. மேல் படத்தை மறைச்சு, காட்டி, மறைச்சு, காட்டிப் பார். நிறம் மாறினால் படம் முழுக்க மாறும். ஒரு பொருளை அழிச்சிருந்தால் அந்த ஒரு இடம் மட்டும் துடிக்கும்.

மூலப்படம் வர முந்தி ஒரு சின்ன வேலை செய்யலாம். வானத்தின்ர வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் அளவுக்கு மிஞ்சி ஏத்திப் பார். 2016 தொடக்கத்தில நிக்கோன் சிங்கப்பூர் ஒரு படத்துக்குப் பரிசு குடுத்தது. ஏணிச் சட்டங்களுக்கு நடுவில, சரியா ஒரு விமானம். சனம் அந்தப் படத்தின்ர வெளிச்சத்தைக் கூட்டினவுடனை விமானத்தைச் சுத்தி ஒரு சதுரம் தெரிஞ்சது. ஒட்டின அடையாளம். நிறுவனம் மன்னிப்புக் கேட்டுது.

கமராவே காணாத படம்

2023இல சோனி உலகப் புகைப்பட விருதில ஜேர்மன்காரர் போரிஸ் எல்டாக்சனின்ர படம் ஒரு பிரிவில வெண்டது. பழைய காலத்துக் கறுப்பு வெள்ளையில ரெண்டு பெண்கள். செயற்கை நுண்ணறிவால உருவாக்கினது எண்டு சொல்லி அவரே பரிசை வேண்டாமெண்டிட்டார்.

இப்பிடிப் படங்களில விரலை எண்ணிற காலம் போட்டுது, இப்ப விரல் சரியா வருது. எங்கட ஊர்ச் சாமானைப் பார். பனையின்ர தண்டில தென்னோலை நிக்குதோ? கடைப் பலகையில தமிழ் மாதிரிக் கீறல், வாசிச்சால் ஒரு சொல்லும் இல்லையோ? சீலைக் கரை மடிப்புக்குள்ள போய் வெளியில வரேக்கை வேற பூவா வருதோ? சைக்கிள் கம்பிகள் நடுவில சேராமல் நிக்குதோ?

சூரியனையும் பார். தெற்கை கடல்நீரேரி இருக்கிற எங்கட கரையில மார்கழியில சூரியன் மேற்கில இருந்து 24 பாகை அளவு தெற்குப் பக்கமா மறையும். தண்ணிக்கு மேல மறையிற மாதிரி எடுக்கலாம். ஆனியில அதே அளவு வடக்குப் பக்கம், தரைப் பக்கமாப் போயிரும். ஆனி மாதம் எடுத்தது எண்டு எழுதி, கரையில நிண்டு தெற்கை பாத்த படத்தில நடுத் தண்ணிக்கு மேல செக்கச் சிவந்த சூரியன் விழுந்தால் கேள்வி கேள். திகதி பிழையா இருக்கலாம், இடம் பிழையா இருக்கலாம், படமே பிழையா இருக்கலாம். என்னவோ பிழை எண்டதை மட்டுந்தான் சூரியன் சொல்லும்.

கண்ணை மட்டும் நம்பித் தள்ளாதை

2024இல மைல்ஸ் அஸ்ட்ரே எண்டவர் எல்டாக்சன் செய்ததைத் தலைகீழாச் செய்தார். பூநாரை ஒண்டு தலையைக் குனிஞ்சு வயித்தைச் சொறியுது. தலையே இல்லாத பறவை மாதிரி இருக்கும். உண்மையா எடுத்த படத்தை, ‘1839’ விருதுகளில செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பினார். நடுவர்மார் மூன்றாம் இடம் குடுத்திச்சினம், சனத்தின்ர வாக்கும் விழுந்தது. உண்மை தெரிஞ்சவுடனை தகுதி நீக்கம். மன்னாருக்கு வாற பூநாரையை ஒரு பெடியன் அப்பிடி எடுத்துக் கொண்டுவந்தால் நீயும் ‘தலை இல்லை, பொய்’ எண்டு தள்ளியிருப்பாய்.

அதாலை சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்லாதை, கேள். எங்க நிண்டனி, எந்தப் பக்கம் பாத்தனி, பக்கத்தில ஆர் நிண்டது? எடுத்த பிள்ளை கையைக் காலை ஆட்டிச் சொல்லும், வள்ளக்காரரின்ர பேரும் தெரிஞ்சிருக்கும். மூலப்படம் அழிஞ்சு போச்சு எண்டால், ஒருவேளை உண்மையாவே அழிஞ்சிருக்கும். அவரைப் பொய்யர் எண்டு ஆருக்கும் சொல்லாதை. படத்தை மண்டபச் சுவரில மாட்டு, பரிசுக்கு எடுக்காதை.

வாற வருசம் விண்ணப்பத்தில ரெண்டு வரி சேர்: ‘படத்தில இருந்த எதையும் அழிக்கேல்லை, இல்லாத எதையும் சேர்க்கேல்லை. பரிசுக்கு முன்னம் மூலப்படத்தைக் காட்டுவன்.’ அதுக்குக் கீழ கையொப்பம். இந்த வருசம் அந்த வரி இல்லாததாலை ஆரோ கம்பியை அழிச்சிருந்தால் கூப்பிட்டு, அழிக்காத படத்தைக் கொண்டுவந்து குடுக்கச் சொல்லு. விதியைச் சொல்லாமல் விட்டது நீங்களும்தானே.