நன்றிக்கு மறுமொழி என்ன?

ஒருவர் "நன்றி" என்றால் தமிழில் என்ன சொல்வது? ஆங்கிலத்தின் 'யூ ஆர் வெல்கம்' போல நிலையான ஒரு மறுமொழி தமிழில் இல்லை. அதையே மொழிபெயர்த்து "நல்வரவு" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது வாசலில் நின்று விருந்தாளியை அழைப்பதுபோலத்தான் கேட்கிறது. வீட்டில் உம்மாவுக்கு நன்றி சொன்னால், "இதுக்கெல்லாம் என்ன நன்றி?" என்பதே பதில். சில வேளை வெறும் தலையசைப்பு.

வெளியாரிடம் நாம் அதிகம் சொல்வது "பரவாயில்லை." இதிலுள்ள 'பரவா', பாரசீகத்திலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். கவலை, அக்கறை என்பது அதன் பொருள். ஆகவே பரவாயில்லை என்றால் 'கவலை இல்லை'. அவுஸ்திரேலியர் சொல்லும் 'நோ வொறீஸ்' என்பதும் சொல்லுக்குச் சொல் இதுவே. ஒன்றையொன்று பார்த்துப் பிறக்காத இரண்டு தொடர்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இரண்டுக்கும் ஒரே சிக்கலும் உண்டு. காலை மிதித்தவர் "மன்னியுங்கள்" என்றாலும் பரவாயில்லை. புத்தகம் வாங்கியவர் "நன்றி" என்றாலும் பரவாயில்லை. சிங்களத்தில் 'கமக் நே' என்பதும் இவ்விரண்டு வேலையையும் செய்கிறது. அரபியில் நன்றிக்குப் பதிலாகும் 'அஃப்வன்' என்ற சொல்லின் பொருளே மன்னிப்புத்தான். உதவி பெற்றவர் தம்மைக் கடன்பட்டவராக எண்ணுகிறார். மறுமொழி அந்தக் கடனைத் தள்ளிவிடுகிறது. மன்னிப்பிலும் நடப்பது அதுதானே. ஆனால் ஓர் ஆசிரியை நமக்கு நன்றி சொல்லும்போது "பரவாயில்லை" என்றால், அவர் ஏதோ பிழை செய்ததை நாம் பொறுத்துக்கொண்டதுபோல ஒலிக்கலாம். அவ்விடத்தில் "சந்தோஷம், டீச்சர்" என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நம்மிடையே வழங்கும் இன்னொரு முறை கடனைத் தள்ளுவதில்லை, திருப்பிக் கொடுக்கிறது. கொப்பியை இரவல் தந்த தோழிக்கு "ஜஸாகில்லாஹு கைரன்" என்கிறோம். 'அல்லாஹ் உனக்கு நன்மையைக் கூலியாகத் தருவானாக' என்பது பொருள். இதில் 'கி' என்பது பெண்ணைக் குறிக்கும் 'உனக்கு'. ஆணாயின் 'ஜஸாகல்லாஹு'. பழக்கத்தில் பலர் பெண்களிடமும் 'ஜஸாகல்லாஹு' என்றே சொல்லிவிடுகிறார்கள்.

தோழியின் மறுமொழி "வ இய்யாகி", அதாவது 'உனக்கும்'. 'நீயும்' என்று பொருள்படும் 'வ அன்தி' இங்கே பொருந்தாது. அன்தி எழுவாய், செயலைச் செய்பவரைக் குறிப்பது. கூலி தருபவன் அல்லாஹ், பெறுபவளே தோழி. அதனால் செயப்படுபொருளாக வரும் 'இய்யாகி' வேண்டும். ஆணுக்கு 'வ இய்யாக'. வகுப்பு முழுவதும் சேர்ந்து நன்றி சொன்னால் 'வ இய்யாகும்' என்பதே வழக்கம்; பெண்கள் மட்டும் உள்ள வகுப்பில் இலக்கணப்படி அது 'வ இய்யாகுன்ன'.