மெய்ப்புத் திருத்தம்: பணிநேர மாற்ற அறிவிப்பு

மேலப்பாளையத்தில் பல வீடுகளில் பீடி சுற்றப்படுகிறது. அவற்றைச் சரிபார்த்துச் சிப்பமிடும் கூடம் ஒன்றின் மேலாளர், 2025 மே 28 புதன்கிழமை மாலையில் பணியாளர்களுக்குப் பின்வரும் மின்னஞ்சலை அனுப்ப எழுதினார் எனக் கொள்வோம்.

“அன்புடையீர், காலைப் பணிமுறை மாற்றப்பட்டது. இதுவரை 8 மணிக்கு வந்தீங்க. வர்ற திங்கள் முதல் 6 மணிக்குத் தொடங்குகிறது. எல்லாரும் 5.45க்குள்ள வந்துடணும். தாமதமாக வந்தவர் அனுமதிக்கப்படமாட்டார். ஒத்துழைப்பு நல்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.”

முதலில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுக. ‘மாற்றப்பட்டது’ என்பது இறந்தகாலம். முதல் வரியோடு நிறுத்திக்கொள்பவர், மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டது எனக் கருதுவார்; மறுநாளே விடியுமுன் வந்து பூட்டிய கதவின் முன் நிற்பார். ‘வந்தவர்’ என்பதும் இறந்தகாலமே. விதி இனி வருவோருக்கானது. ஆகவே ‘வருபவர்’ என்க.

கால ஒருமை என்பது எல்லா வினைகளையும் ஒரே காலத்தில் எழுதுவதன்று. முடிவு எடுத்தாயிற்று, அதற்கு ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’ பொருந்தும். பழைய நேரம் இன்னும் நடப்பில் உள்ளது. அதற்கு நிகழ்காலம் வேண்டும். புதிய நேரத்திற்கு எதிர்காலம் வேண்டும். ஆனால் ‘தொடங்கும்’ என்னும் வினைமுற்று நாள்தோறும் நிகழ்வதையும் இனி நிகழ்வதையும் குறிக்கும். எனவே தேதியைச் சேர்த்தால்தான் ஐயம் நீங்கும். ‘வர்ற திங்கள்’ என்பதும் போதாது. மடலைத் திங்களன்று திறப்பவர் அடுத்த வாரம் என எண்ணக்கூடும்.

அடுத்து நடையை நோக்குக. ‘வந்தீங்க’, ‘வந்துடணும்’ என்பன பேச்சுவழக்கு; ‘நல்குமாறு’ என்பது உயர்நடை. இரண்டும் கலந்தால், நட்பான சொல்லா, ஆணையா என்பது விளங்காது. இயல்பான எழுத்துநடையே இங்குப் பொருந்தும்.

மொழியைத் திருத்துபவர் செய்தியை இட்டுக்கட்டலாகாது. பணி முடியும் நேரம் மூலத்தில் இல்லை. எட்டு மணிநேரம் எனக் கணக்கிட்டுப் பிற்பகல் 2 மணி என எழுதிவிடாமல், மேலாளரிடம் கேட்க வேண்டும். அவர் 2.30 என்கிறார், இடையில் அரைமணி உணவு இடைவேளை உண்டு. தாமதமாக வருவோரை அனுமதிப்பதா என்பதும் அவர் முடிவே. அதை மென்மையாக்கவும் நமக்கு உரிமை இல்லை.

திருத்திய வடிவம்:

“அன்புடையீர், காலைப் பணிநேரத்தை மாற்ற முடிவு செய்யப்பட்டுள்ளது. தற்போது காலை 8 மணிக்குத் தொடங்கும் பணி, 02.06.2025 திங்கட்கிழமை முதல் காலை 6 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 2.30 மணிக்கு முடியும். அதுவரை பழைய நேரமே தொடரும். புதிய நேரம் தொடங்கியபின் அனைவரும் காலை 5.45 மணிக்குள் வர வேண்டும். தாமதமாக வருபவர் அனுமதிக்கப்பட மாட்டார். ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

பயிற்சி

1. ‘பணிநேரம் மாற்றப்பட்டது’, ‘பணிநேரம் மாற்றப்படும்’ ஆகிய தொடர்களின் பொருள் வேறுபாட்டை விளக்குக.

2. ‘நாளை விடுமுறை விடப்பட்டது, யாரும் வர வேணாம்’ என்னும் அறிவிப்பைத் திருத்துக. அனுப்பியவரிடம் கேட்டறிய வேண்டியது எது?