பழைய காருக்கு முழுக் காப்பீடு வேண்டுமா?

அல் குசைஸில் நம் குடும்பங்கள் பலவற்றில் பத்து, பன்னிரண்டு வயதான கார்கள் ஓடுகின்றன. ஆண்டுதோறும் முல்கியா புதுப்பிக்கும் நேரத்தில் ஒரே கேள்விதான் எழுகிறது: ஃபுல் இன்ஷூரன்ஸ் எடுப்பதா, தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா? இதற்கு விடை காண நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தேர்ட் பார்ட்டி என்பது நம்மால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது. இது சட்டப்படி கட்டாயம். 2017 முதல் அமீரகம் முழுவதும் நடைமுறைக்கு வந்த ஒரே மாதிரியான பாலிசியின்படி, பிறருடைய பொருட்சேதத்துக்கு 20 லட்சம் திர்ஹம் வரை காப்பு உண்டு. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் நீதிமன்றம் விதிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் தருகிறது. ஆகவே தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவர் விலையுயர்ந்த காரை இடித்துவிட்டால் வீட்டை விற்க வேண்டிவரும் என்ற பயத்துக்கு இடமில்லை. ஆனால் மது அருந்தியோ, லைசென்ஸ் இல்லாமலோ ஓட்டியிருந்தால், நிறுவனம் கொடுத்த பணத்தை நம்மிடமே திரும்பக் கேட்கலாம்.

அதேபோல், தவறு எதிராளியுடையது என்று போலீஸ் அறிக்கை சொன்னால், நம் காரைச் சரிசெய்வது அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. நாம் தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

அப்படியானால் ஃபுல் இன்ஷூரன்ஸுக்குக் கூடுதலாகக் கட்டும் பணம் எதற்கு? நம் தவறால் நம் காருக்கு ஏற்படும் சேதம், திருட்டு, தீ, நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விடுவது, பல பாலிசிகளில் வெள்ளம் ஆகியவற்றுக்குத்தான்.

இனி கணக்கு. இவை நாம் உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளும் எண்கள். வாசகர்கள் தங்கள் கொட்டேஷனில் உள்ள எண்களைப் போட்டுப் பார்க்கவும். காரின் சந்தை மதிப்பு 12,000 திர்ஹம். ஃபுல் இன்ஷூரன்ஸ் 1,400, தேர்ட் பார்ட்டி 650. வித்தியாசம் 750 திர்ஹம்.

பாலிசி தொடங்கி ஆறாவது மாதம் முடியும்போது நம் தவறால் கார் நொறுங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்கும் செலவு காரின் மதிப்பில் பாதியைத் தாண்டினால் அது முழு இழப்பு எனக் கருதப்படும். பழைய கார்களுக்கு இந்த நிலை எளிதில் வந்துவிடுகிறது. முன்பக்கம் பலமாக அடிபட்டாலே போதும். அப்போது பாலிசியில் எழுதிய மதிப்பிலிருந்து ஆண்டுக்கு 20 சதவீதம் என்ற கணக்கில் தேய்மானம் கழிப்பார்கள். ஆறு மாதத்துக்கு 10 சதவீதம், அதாவது 1,200 திர்ஹம் போக, மீதி 10,800. உடைந்த காரை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். காப்பு இல்லாதிருந்தால் அதையே நாம் 2,000 திர்ஹத்துக்கு ஸ்கிராப்பில் விற்றிருக்கலாம். ஆகவே நமக்கு உண்மையில் கிடைத்த லாபம் 8,800 திர்ஹம்.

8,800 ஐ 750 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 வரும். 12 ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது நம் தவறால் காரை முழுதாக இழப்போமென்றால்தான் கட்டிய பணம் திரும்பி வரும். சிறு சேதமும் இதே கதைதான். 1,500 திர்ஹம் செலவில் நாம் ஏற்க வேண்டிய பங்கு 350 என்றால், கிடைப்பது 1,150. அடுத்த ஆண்டு கிளெய்ம் இல்லாதவருக்கான தள்ளுபடியும் போய்விடலாம்.

இதே கார் 30,000 திர்ஹம் பெறுமானால் விடை மாறும். கூடுதல் பிரீமியம் 900, இழப்பில் கிடைப்பது தேய்மானமும் ஸ்கிராப் விலையும் போக 23,000 என்றால், 25 ஆண்டுக்கு ஒரு விபத்தே போதும். அங்கே ஃபுல் இன்ஷூரன்ஸை விடுவது சரியல்ல.

கணக்கில் அடங்காத ஒன்று வெள்ளம். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையில் துபாய், ஷார்ஜா தெருக்களில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சேதத்துக்குக் காப்பு இல்லை. கீழ்த்தளத்திலோ தாழ்வான தெருவிலோ கார் நிறுத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் அது உடைந்துவிடலாம். அதன்பின் ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தாலும் கிளெய்ம் மறுக்கப்பட வாய்ப்புண்டு.

முடிவெடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். வங்கிக் கடன் பாக்கியிருந்தால், வங்கி ஃபுல் இன்ஷூரன்ஸ் கேட்கும். கடன் இல்லையென்றால், நாளைக்கே கார் போய்விட்டால் சேமிப்பிலிருந்து இன்னொன்று வாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியுமென்றால் தேர்ட் பார்ட்டி போதும். முடியாதென்றால், வேலைக்குப் போகக் காரையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு 750 திர்ஹம் அதிகமல்ல. கடைசியாக, ஒருமுறை தேர்ட் பார்ட்டிக்கு மாறிவிட்டால், பழைய காருக்கு மறுபடி ஃபுல் இன்ஷூரன்ஸ் கிடைப்பது கடினம். சோதனை கேட்பார்கள், சிலர் மறுத்தும் விடுவார்கள்.

எதை எடுத்தாலும் ஓட்டுநருக்கான விபத்துக் காப்பு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியது. காரில் மிச்சமான பணத்தில் ஒரு சிறு பகுதி அதற்கே போதும்.