எல்லை ஒப்பீட்டுச் சோதனை: எந்தத் தொடரோடு ஒப்பிடுவது?

ஒரு முடிவிலாத் தொடர் ஒருங்குமா, விரியுமா என்று கேட்டால், மாணவர்கள் முதலில் நேரடி ஒப்பீட்டையே முயல்கிறார்கள். பின்வரும் தொடரில் அந்த முயற்சி பாதியில் நின்றுவிடும்.

Σ (3n + 2)/(n³ − n + 1)

n பெரிதாகும்போது தொகுதியில் 3n, பகுதியில் n³ ஆகியவையே மேலோங்கும். எனவே உறுப்பு ஏறக்குறைய 3/n² ஆகும். Σ 1/n² ஒருங்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் n ≥ 1 எனில் நம் உறுப்பு 3/n²-ஐ விடப் பெரியது. ஒருங்கும் தொடரை விடப் பெரியது என்பதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இங்கு எது பெரிது என்று கேட்பதை விட்டு, விகிதம் எதை நெருங்குகிறது என்று கேட்க வேண்டும். aₙ = (3n + 2)/(n³ − n + 1), bₙ = 1/n² எனக் கொண்டால்,

aₙ/bₙ = (3n³ + 2n²)/(n³ − n + 1)

n = 10 எனில் இதன் மதிப்பு சுமார் 3.23; n = 100 எனில் சுமார் 3.02. தொகுதி, பகுதி இரண்டையும் n³ ஆல் வகுத்தால் எல்லை 3 என்பது தெளிவாகும். இது பூச்சியமற்ற, முடிவுள்ள எண். ஆகவே இரு தொடர்களும் ஒன்றுபோலவே நடக்கும். Σ bₙ ஒருங்குவதால் Σ aₙ-உம் ஒருங்கும்.

காரணத்தையும் கரும்பலகையில் காட்டிவிடலாம். விகிதம் 3-ஐ நெருங்குவதால், ஓர் இடத்திற்குப் பின் அது 4-க்குக் கீழேயே இருக்கும். இங்கு n = 3-இல் விகிதம் 99/25 = 3.96, அதிலிருந்து எப்போதும் aₙ < 4/n². Σ 4/n² ஒருங்கும். விடுபட்ட முதல் இரண்டு உறுப்புகளான 5, 8/7 ஆகியவற்றின் கூட்டுத்தொகை முடிவுள்ளது. அவற்றால் ஒருங்குதல் மாறாது.

மாணவர்கள் தவறுவது bₙ-ஐத் தேர்ந்தெடுப்பதில்தான். bₙ = 1/n எனக் கொண்டால் விகிதத்தின் எல்லை 0. அதாவது aₙ, விரியும் தொடரின் உறுப்பை விட மிகச் சிறியது. இதனால் எதுவும் நிறுவப்படவில்லை. bₙ = 1/n³ எனக் கொண்டால் விகிதம் முடிவிலியை நோக்கிச் செல்லும்; aₙ, ஒருங்கும் தொடரின் உறுப்பை விட மிகப் பெரியது. இதிலும் முடிவில்லை. எல்லை 0 வரும்போது Σ bₙ ஒருங்கினால் மட்டுமே Σ aₙ ஒருங்கும் எனலாம். எல்லை முடிவிலியானால், Σ bₙ விரிந்தால் மட்டுமே Σ aₙ விரியும் எனலாம்.

இன்னொரு நிபந்தனை, உறுப்புகள் மிகையாக இருக்க வேண்டும் என்பது. bₙ = (−1)ⁿ/√n, aₙ = bₙ + 1/n எனில் விகிதம் 1 + (−1)ⁿ/√n; அதன் எல்லை 1. ஆனால் Σ bₙ ஒருங்கும். Σ 1/n சேர்வதால் Σ aₙ விரியும். குறி மாறும் தொடரில் இச்சோதனையைப் பயன்படுத்தும் மாணவருக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.