ராஜினாமாவில் கையெழுத்துப் போடுமுன்

எச்.ஐ.வி. இருப்பது அலுவலகத்துக்குத் தெரிந்துபோய் ஆலோசனை கேட்டு வருபவர்களில் பலர், ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "நாலு பேருக்குத் தெரியறதுக்குள்ள நீயே வந்துடு" என்று மாமாவோ அண்ணனோ சொல்லியிருப்பார்.

வழிகள் தெரிந்தவைதான்: நிறுவனத்தின் புகார் அலுவலர், மாநில அரசு நியமிக்கும் ஒம்பட்ஸ்மேன், நீதிமன்றம், ராஜினாமா. கடைசி வழிதான் கௌரவமானது என்று பரவலாக நம்புகிறார்கள். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, இந்த நோயைக் காரணம் காட்டி ஒருவரை நீக்க வேண்டுமானால் முதலாளி இரண்டு காகிதங்கள் தர வேண்டும். அவரால் மற்றவர்களுக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக உண்டு, அல்லது அவர் வேலைக்குத் தகுதியற்றவர் என்று, நிறுவனத்தைச் சாராத மருத்துவர் எழுதிய மதிப்பீடு ஒன்று. அவருக்கேற்ற மாற்று ஏற்பாடு செய்தால் நிறுவனத்துக்கு என்ன சிரமம் என்ற எழுத்துபூர்வ விளக்கம் இன்னொன்று. அவற்றைத் தராவிட்டால் ஆபத்தும் இல்லை, சிரமமும் இல்லை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தையல்காரர் ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு மேலாளர் கைக்குப் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அவர் தைப்பதால் யாருக்கும் தொற்றாது; எந்த மருத்துவரும் அப்படி எழுதித் தர முடியாது. அதனால்தான் அவரிடமே ராஜினாமா கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்ததும் அது பணிநீக்கம் அல்ல, 'சொந்த விருப்பம்' ஆகிவிடுகிறது. முதலாளி தர வேண்டிய காகிதங்கள் தேவையற்றுப் போகின்றன. மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை தையல்காரர் தலையில் விழுகிறது. செய்தி அமுங்கும் என்பதும் நடப்பதில்லை. திடீரென்று ஏன் நின்றார் என்ற கேள்வியே ஊரைச் சுற்றும்.

நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். அவரிடம் எழுதிக் கொடுங்கள். ஆனால் அவரும் அதே முதலாளியிடம் சம்பளம் வாங்குபவர். என் சாய்வு ஒம்பட்ஸ்மேன் பக்கம்தான். அவர் இரு தரப்பையும் கேட்டு முப்பது நாளில் உத்தரவு போட வேண்டும். நீதிமன்றம் இதைவிட மெதுவானது. ஆனாலும் பெயர் வெளிவருமே என்று அஞ்ச வேண்டாம். 1997-லேயே பம்பாய் உயர் நீதிமன்றம், எச்.ஐ.வி.யால் வேலை இழந்த தொழிலாளியின் பெயரை மறைத்தே வழக்கை விசாரித்து, அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இப்போதைய சட்டம் புனைபெயரில் வழக்காடவும் இடம் தருகிறது.

வாதாடும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஏ.ஆர்.டி. மாத்திரையை நாள் தவறாமல் எடுப்பவரிடம் இதற்கு வேண்டிய பொறுமை ஏற்கெனவே இருக்கிறது. யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். உங்களுக்கு எச்.ஐ.வி. உண்டா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. பதில் சொல்லும்படி நீதிமன்றத்தால் மட்டுமே உத்தரவிட முடியும். ராஜினாமாவை நீட்டினால், "படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.