வெப்பப் பரிமாற்றியில் மடக்கைச் சராசரி ஏன்?

கிராமத்துச் சங்கங்களிலிருந்து வந்து சேரும் பால் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும். அதனை விரைவில் 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் நுண்ணுயிர்களின் பெருக்கம் தடைப்பட்டுப் பால் கெடாமல் நகரம் சென்றடையும். குளிர்விப்பு நிலையங்களில் இப்பணியைச் செய்வது தகட்டு வெப்பப் பரிமாற்றியாகும். மெல்லிய எஃகுத் தகடுகளின் ஒரு பக்கத்தில் பாலும், மறு பக்கத்தில் எதிர்த்திசையில் குளிர்நீரும் ஓடுகின்றன. இத்தகைய கருவியை வாங்கும்போது முதலில் விடை காணவேண்டிய கேள்வி, எத்தனை சதுர மீட்டர் தகட்டுப் பரப்பு வேண்டும் என்பதே.

எடுத்துக்காட்டாக, மணிக்கு 5,000 கிலோகிராம் பாலைக் குளிர்விக்கும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பால் 35 டிகிரியில் நுழைந்து 4 டிகிரியில் வெளியேற வேண்டும். குளிர்நீர் 2 டிகிரியில் நுழைந்து 12 டிகிரியில் வெளியேறுகிறது. பாலின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு, டிகிரிக்கு 3.9 கிலோஜூல் எனக் கொண்டால், அகற்றவேண்டிய வெப்பம் 168 கிலோவாட் ஆகிறது. ஒரு சதுர மீட்டர் தகடு, இரு பக்க வெப்பநிலைகளுக்கிடையே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, 2,500 வாட் வெப்பத்தைக் கடத்தும் என்க. இதனை வெப்பமாற்றுக் கெழு என்பர். பரப்பைக் காண, 168 கிலோவாட்டை இக்கெழுவாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் வகுக்க வேண்டும்.

ஆனால் எந்த வேறுபாட்டால்? பால் நுழையும் முனையில், 35 டிகிரிப் பாலுக்கு எதிரே 12 டிகிரி நீர் இருக்கிறது, வேறுபாடு 23. பால் வெளியேறும் முனையில், 4 டிகிரிப் பாலுக்கு எதிரே 2 டிகிரி நீர், வேறுபாடு 2. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 12.5 கிடைக்கும். அதன்படி 5.4 சதுர மீட்டர் போதும் எனத் தோன்றும். உண்மையில் தேவைப்படுவது 7.8 சதுர மீட்டர்.

12.5 என்ற எண்ணில் பொய் ஏதுமில்லை. மொத்த வெப்பத்தில் சரிபாதி கைமாறிய இடத்தில் பால் 19.5 டிகிரியிலும் நீர் 7 டிகிரியிலும் இருக்கும். அங்கு வேறுபாடு 12.5 தான். ஆயினும் அந்த இடம் கருவியின் நடுவில் இல்லை என்பதே சிக்கல். 23 டிகிரி வேறுபாடுள்ள முனையில் ஒரு சதுர மீட்டர் தகடு 57.5 கிலோவாட் வீதத்தில் வெப்பத்தைக் கடத்துகிறது. 2 டிகிரி வேறுபாடுள்ள முனையில் அதே ஒரு சதுர மீட்டரின் வீதம் 5 கிலோவாட் மட்டுமே. ஆகவே வெப்பத்தின் முதற்பாதியை அகற்ற ஏறத்தாழ 2 சதுர மீட்டர் போதும். பிற்பாதியை அகற்ற ஏறத்தாழ 6 சதுர மீட்டர் வேண்டும். கூட்டுச் சராசரி எடுப்பவர், கடைசிச் சில டிகிரிகளுக்குத் தேவையான பரப்பைக் கணக்கில் குறைத்துவிடுகிறார்.

மடக்கை எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு கிலோவாட் வெப்பம் கைமாறும்போதும் பால் சிறிது குளிர்கிறது, எதிரே உள்ள நீர் சிறிது சூடேறுகிறது. இவ்வெடுத்துக்காட்டில் மொத்த வேறுபாடு 168 கிலோவாட்டுக்கு 21 டிகிரி குறைகிறது. அதாவது கிலோவாட்டுக்கு 0.125 டிகிரி. எனவே வேறுபாடு எவ்வளவு குறையும் என்பது கைமாறும் வெப்பத்தைப் பொறுத்தது. கைமாறும் வெப்பமோ அந்த இடத்து வேறுபாட்டையே பொறுத்தது. இவ்விரண்டையும் இணைத்தால், வேறுபாடு குறையும் வேகம் வேறுபாட்டின் அளவுக்கே விகிதமாக அமைவதைக் காணலாம். சமமான பரப்புகள் சமமான டிகிரிகளைக் குறைப்பதில்லை; சமமான விகிதத்தையே குறைக்கின்றன. இங்கு ஒவ்வொரு சதுர மீட்டரும் தன்னிடம் வந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 27 சதவீதத்தைக் குறைக்கிறது: 23 என்பது முதல் மீட்டரின் முடிவில் 16.8 ஆகவும், அடுத்ததன் முடிவில் 12.3 ஆகவும் இறங்குகிறது. குறைந்துசெல் மதிப்பு முறையில் தேய்மானம் கணக்கிட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதன்று.

இவ்வாறு விகிதமாக இறங்கும் அளவு எத்தனை படிகளில் 23-இலிருந்து 2-ஐ அடையும் என்று கேட்டால், விடையை மடக்கைதான் தரும். 23-ஐ 2-ஆல் வகுக்க 11.5, அதன் இயல் மடக்கை 2.44. முனை வேறுபாடுகளின் இடைவெளியை இந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதே மடக்கைச் சராசரி:

(23 − 2) / ln(23/2) = 21 / 2.44 = 8.6

168 கிலோவாட்டுக்கு 8.6 டிகிரி எனக் கொண்டால் 7.8 சதுர மீட்டர் வருகிறது. வெப்பத்தை இரு பாதிகளாகப் பிரித்துக் கண்ட 2, 6 என்ற பரப்புகளின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய இதுவே. ஆகவே மடக்கைச் சராசரி தோராயத்திற்காகத் தேர்ந்துகொண்ட வழக்கமன்று. பரப்பு முழுவதிலும் உள்ள வேறுபாட்டின் உண்மையான சராசரியே அது.

முனை வேறுபாடுகள் சமமற்றிருக்கும்போது கூட்டுச் சராசரி எப்போதும் மிகுதியாகவே வரும். ஒன்று மற்றொன்றைப் போல் இருமடங்காக இருந்தால் பிழை 4 சதவீதம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நமது எடுத்துக்காட்டில் விகிதம் பதினொன்றரை. பிழை 45 சதவீதம். முனைகள் இரண்டும் சமமானால் சூத்திரம் சுழியைச் சுழியால் வகுக்கச் சொல்லும். அப்போது அந்தச் சம வேறுபாடே சராசரியாகும். பாலைப் பாலாலேயே சூடேற்றும் பகுதியில், இருபுறமும் ஒரே அளவு பால் ஓடுவதால், இந்நிலை ஏற்படுகிறது.

பிழையை நிலையத்தில் காண்பது எப்படி?

ஒப்பந்தப்புள்ளிகளில் விலை குறைவாக இருந்தது என்பதற்காக 5.4 சதுர மீட்டர்க் கருவியை வாங்கிய நிலையத்தில் பால் 4 டிகிரிக்கு வராது, ஏறத்தாழ 6.4 டிகிரியில் வெளியேறும். நீர் 11.2 டிகிரியில் வெளியேறும். அகற்றப்பட்ட வெப்பத்தை மட்டும் பார்த்தால் குறை 8 சதவீதமே. சிறிய குறையாகத் தோன்றும். ஆனால் பாலின் தரத்தை முடிவு செய்வது அந்தக் கடைசி 2.4 டிகிரியே.

இனி, காரணத்தை ஆராயும் அலுவலர் நான்கு வாயில்களிலும் வெப்பநிலையை அளந்து, கெழுவைத் திருப்பிக் கணக்கிடுவார். முனை வேறுபாடுகள் 23.8, 4.4. அவரும் கூட்டுச் சராசரியை எடுத்தால் 14.1 கிடைக்கும், கெழு 2,040 வாட் என வரும். தகடுகளில் படிவு சேர்ந்துவிட்டது என்று எண்ணி, கருவியைப் பிரித்துக் கழுவ ஆணையிடுவார், பயன் இராது. மடக்கைச் சராசரியான 11.5-ஐ எடுத்தால் கெழு 2,500 என்றே வரும்: தகடுகள் சுத்தமாகவே உள்ளன, பரப்புத்தான் போதாது என்பது தெளிவாகும். உண்மையாகவே படிவு சேர்ந்திருந்தால், மடக்கைச் சராசரி கொண்டு கண்ட கெழுவும் நாளடைவில் தேயும். ஆதலால் கருவி நிறுவிய முதல் வாரத்து அளவீடுகளைப் பதிவேட்டில் குறித்து வைப்பது தேவை. பின்னர் ஒப்பிட வேறு ஆதாரம் கிடைக்காது. பால் இழந்த வெப்பமும் நீர் பெற்ற வெப்பமும் ஒத்துவருகின்றனவா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அவை ஒவ்வாவிடில் பிழை வெப்பமானியிலோ ஓட்ட அளவியிலோ இருக்கலாம்.

சூத்திரத்துக்கும் எல்லைகள் உண்டு. கெழுவும் தன்வெப்பமும் கருவி முழுவதும் மாறாதிருக்கின்றன என்ற கருத்தின் மீதே அது நிற்கிறது. பால் குளிரக் குளிரத் தடிப்பதால், குளிர் முனையில் கெழு சற்றுக் குறையும். கருவியை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடுவது நல்லது. இரு திரவங்களும் முற்றிலும் எதிரெதிராக ஓடாமல், குறுக்காகவோ பல சுற்றுகளாகவோ ஓடும் கருவிகளில் மடக்கைச் சராசரியை ஒரு திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். போமன், முல்லர், நாகிள் ஆகியோர் 1940-இல் இக்காரணிக்கான வரைபடங்களைத் தொகுத்து வெளியிட்டனர். காரணி 0.8-க்குக் கீழே இறங்கும் அமைப்பைப் பொறியாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை; அங்கு வெப்பநிலையில் நேரும் சிறு மாற்றமும் தேவைப்படும் பரப்பைப் பெரிதும் கூட்டிவிடும்.