தெரிந்தும் குதித்த பையன்

அன்புள்ள ஸ்ரீரங்கம் வாசகி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மேட்டூர் நிரம்பி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் உபரி நீரைத் திறந்துவிட்ட வாரத்தில் உங்கள் 16 வயது மகன் மூன்று நண்பர்களோடு போய் ஆற்றில் குதித்திருக்கிறான். நெற்றியில் தையலோடு பிழைத்து வந்தது பெரிய ஆறுதல். "மணல் அள்ளின குழி இருக்கும், காலை வைக்காதே என்று தங்கைக்குச் சொன்னவனே அவன்தான். பிறகு ஏன் குதித்தான்? புத்தியில்லையா, திமிரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை அம்மா. ஆபத்து அவனுக்குத் தெரியும். தெரிந்தது அந்த நொடியில் கை கொடுக்கவில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியை முன்நெற்றிப் புறணி என்கிறோம். பின்விளைவை நினைத்துப் பார்ப்பதிலும், எழுந்த ஆசையை அடக்குவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் இதுவும் ஒன்று. 11, 12 வயதுவாக்கில் இங்கே நரம்பு இணைப்புகள் மிகுதியாக இருக்கும். அதன்பின் பயன்படாதவை கழிக்கப்படுகின்றன. தங்கும் நரம்பிழைகளின் மேல் மையலின் என்ற கொழுப்புறை படர்ந்து, செய்தி வேகமாக ஓட வழி செய்கிறது. 20 வயதைத் தாண்டியும் இந்த வேலை நடக்கிறது. ஆனால் பரிசு, பாராட்டு, புதுமை ஆகியவற்றுக்குத் துள்ளும் ஆழ்பகுதி, பருவமடையும்போதே டோபமைன் வேகத்தில் முறுக்கேறிவிடுகிறது. வேகம் முதலில் வருகிறது, கட்டுப்பாடு சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேர்கிறது.

இது மட்டும்தான் காரணம் என்றால், தனியாக இருக்கும்போதும் அவன் குதித்திருக்க வேண்டும். தனியாகப் போயிருந்தால் குதித்திருப்பானா? உங்கள் கடிதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: "ஒருத்தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்." எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 2005-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஒரு கார் ஓடுகிறது. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் மதிப்பெண் ஏறும். திடீரென்று சுவர் எழும்பி கார் மோதினால் சேர்த்ததெல்லாம் போச்சு. சிலர் தனியாக ஆடினார்கள், சிலரை நண்பர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நண்பர்கள் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் கூடுதல் ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்கள் யார் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடினார்கள். ஸ்டைன்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஆடுபவர்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து அதே வகை ஆட்டத்தை நடத்தி, முடிவை 2011-ல் வெளியிட்டார்கள். நண்பர்கள் பக்கத்து அறையில் இருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, விடலைப் பிள்ளைகளின் மூளையில் பரிசுக்குத் துள்ளும் பகுதி கூடுதலாக வேலை செய்தது.

பக்கத்து அறைக்கே இந்த வலு என்றால், கரையில் நீட்டிய ஃபோனுக்கு எவ்வளவு இருக்கும்? 2023 தீபாவளியின்போது திருச்சிப் பக்கம் பைக்கின் முன்புறம் பட்டாசைக் கட்டி வெடிக்கவிட்டபடி, முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய காணொளி பரவி, போலீஸ் கைது செய்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாகசம் பார்ப்பவர்களுக்காகவே செய்யப்பட்டது.

இன்னொரு பெரிய ஆய்வு இந்தியா உட்பட 11 நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2019-ல் வெளியானது. அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் 16 வயதுவாக்கிலேயே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. உணர்ச்சி கொதிக்கும் நேரத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும் பக்குவம் அதற்குப் பிறகும் வளர்கிறது என்றது அது. தங்கைக்குப் புத்தி சொன்னவனும் குதித்தவனும் ஒரே பிள்ளையாக இருப்பது இப்படித்தான்.

இவையெல்லாம் கூட்டத்தின் சராசரி. ஒரு பையனின் மூளையைப் படம் எடுத்து, இவன் குதிப்பான், குதிக்கமாட்டான் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. 25-வது பிறந்தநாளில் புத்தி வந்து உட்காருவதும் இல்லை.

ஆகவே ஆழத்தையும் சுழலையும் மறுபடி விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். அது அவனுக்கு மனப்பாடம். சாப்பிட்டு முடித்து அமைதியாக இருக்கும்போது, "நாலு பேர் சேர்ந்து குதிக்கலாம் என்று சொன்னால் என்ன சொல்லிக் கழன்றுகொள்வாய்?" என்று கேளுங்கள். பதிலை அவன் வாயாலேயே சொல்லட்டும். "அம்மா உடனே வரச் சொன்னாங்க" என்று உங்கள்மேல் பழியைப் போட்டாலும் சரி, ஏற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் திறந்த வாரங்களில் யாரோடு போகிறான், பெரியவர் யாராவது உடன் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

பைக் கேட்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். 16 வயதில் கியர் உள்ள வண்டிக்கு உரிமம் கிடையாது. சட்டத்தை மீறி ஓட்டிக் குற்றம் செய்து பிடிபட்டால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. 18 முடிந்து முறையாக உரிமம் வாங்கிய பிறகும், முதல் ஒரு வருடம் பின் சீட்டில் நண்பனை ஏற்றுவதில்லை என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்திலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் புதிதாகக் கார் ஓட்டும் இளைஞர்களுக்கு இப்படியொரு கட்டுப்பாடு சட்டமாகவே இருக்கிறது.

தையல் பிரித்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்